பனி மூடிய குழாய், வீட்டுக்குள் திரும்பும் விஷவாயு: குளிர்நாட்டு வீடுகளில் நடப்பது என்ன?

2005 ஜனவரி 22, 23 தேதிகளில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை ஒரு பெரும் பனிப்புயல் தாக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளைமவுத் ஊரில் புயல் ஓய்ந்த பிறகுதான் ஒரு வீட்டுக்கு ஆபத்து வந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகை வெளியேறும் குழாய்களைச் சுவரோரம் குவிந்த பனி மூடியிருந்தது. ஜனவரி 24 அன்று வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு நிறைந்தது. நான்கு நாள் கழித்து, 28-ம் தேதி, அந்த வீட்டின் 7 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அவள் பெயரில் வந்த ‘நிக்கோல் சட்டம்’ 2006 மார்ச் 31 முதல் அந்த மாநில வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது.

இந்தச் செய்தியைப் படிக்கிற யாருக்கும் இயல்பாக ஒரு கேள்வி வரும். குழாய் அடைத்துக்கொண்டால் ஃபர்னஸ் தானாக நின்றுவிட வேண்டாமா? அதற்கென்று சென்சார் எல்லாம் இருக்குமே?

இருக்கிறது. பெரும்பாலான நேரம் அது வேலையும் செய்கிறது. அது வேலை செய்தும் ஆபத்து வரக்கூடிய இடம் எது என்பதுதான் இங்கே புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். டொரண்டோவில் பேஸ்மென்ட் வீட்டில் தங்கிப் படிப்பவர்கள், பாஸ்டனுக்கோ நியூஜெர்சிக்கோ ஆன்சைட் போயிருப்பவர்கள் நம் வாசகர்களில் நிறைய பேர். அவர்களில் பலர், தாங்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்து அறையிலேயே இந்த இயந்திரம் ஓடுகிற வீட்டில்தான் இருக்கிறார்கள்.

புகைபோக்கி எப்போது கீழே இறங்கியது?

பழைய ஹாலிவுட் படங்களில் வரும் வீட்டின் கூரையில் ஒரு செங்கல் புகைபோக்கி இருக்கும். பழைய ரக ஃபர்னஸ்கள் எரிவாயுவின் வெப்பத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ புகையோடு வெளியே விட்டுவிடும். அது வீண்தான், ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது. புகை நல்ல சூடாக இருப்பதால் லேசாகித் தானே மேலே ஏறிவிடும். கூரைக்கு மேலே போய்த் திறக்கும் வாயைப் பனி மூடுவது அரிது.

இப்போது பரவலாக இருப்பவை 90 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட ‘கண்டென்சிங்’ ஃபர்னஸ்கள். புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் வீட்டுக்கே எடுத்துக்கொள்ளும். கேஸ் பில் குறையும். ஆனால் வெளியேறும் புகை கிட்டத்தட்ட வெந்நீர்க் குளியல் சூட்டில்தான் இருக்கும். அந்தச் சூட்டை நம்பி உயரமான புகைபோக்கியில் அதை ஏறவிட முடியாது. அதனால் ஒரு சின்ன மின்விசிறி வைத்துத் தள்ளுகிறார்கள். சூடு குறைவு என்பதால் உலோகக் குழாயும் வேண்டாம், பிவிசி குழாயே போதும். கூரை வரை இழுப்பானேன் என்று, பேஸ்மென்ட் சுவரிலேயே துளை போட்டு வெளியே நீட்டிவிடுகிறார்கள்.

இப்படித்தான் கூரைக்கு மேல் இருந்த வாய் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. தரையிலிருந்து, அல்லது அந்தப் பகுதியில் எதிர்பார்க்கும் பனி மட்டத்திலிருந்து, குறைந்தது 12 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சமமாகப் பெய்யும் பனிக்கு அது சரி. ஆனால் பனி சமமாக நிற்பதில்லை. காற்று அதை வாரிக்கொண்டு வந்து சுவர் மூலையில் குவிக்கும். ஒரு அடி பெய்த இரவில் மூலையில் மூன்று, நான்கு அடி நிற்கும். போதாததற்கு, நடைபாதையைச் சுத்தம் செய்பவர்கள் அள்ளி வீசும் பனியும் பல நேரம் அந்தச் சுவரோரமே போய் விழும்.

அந்த வீடுகளுக்கு வெளியே பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வெள்ளைக் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று எரிவதற்கான காற்றை உள்ளே இழுப்பது, மற்றொன்று புகையை வெளியே விடுவது. இரண்டும் அருகருகே இருப்பதை நினைவில் வையுங்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

முழுசாக அடைத்தால் நிற்கும். பாதி அடைத்தால்?

ஃபர்னஸுக்குள் ‘பிரஷர் ஸ்விட்ச்’ என்று ஒன்று உண்டு. உள்ளங்கை அளவு வட்டப் பெட்டி, அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு. மின்விசிறி ஓடி, குழாயில் காற்று போதுமான அளவு நகர்ந்தால் அழுத்த வேறுபாடு உண்டாகி சவ்வு இழுபடும், ஸ்விட்ச் மூடும், அதன் பிறகே கேஸ் வால்வு திறக்கும். குழாய் முழுக்க அடைத்தால் காற்று நகராது, ஸ்விட்ச் மூடாது, கேஸ் வராது. சில முறை முயன்றுவிட்டு இயந்திரம் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். வீடு குளிரும், அவ்வளவுதான். பனிப்புயல் இரவுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஆனால் இந்த ஸ்விட்ச், காற்று ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஓடுவது எந்தக் காற்று என்று பார்க்காது.

இப்போது ஒரு காட்சியை யோசியுங்கள். பனி இரண்டு குழாய்களையும் மேலிருந்து போர்த்துகிறது, ஆனால் ஒட்டி அடைக்கவில்லை. வெளிவரும் வெதுவெதுப்பான புகை தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கி ஒரு சின்னக் குகையை உண்டாக்குகிறது. உருகிய நீர் குகையின் சுவரில் மறுபடி உறைந்து ஓடு போலாகிறது. புதுப் பனி ஓரளவு காற்றை விடும், உறைந்த ஓடு விடாது. இப்போது புகைக் குழாய் அந்தக் குகைக்குள் விடுகிறது, காற்றுக் குழாய் அதே குகைக்குள்ளிருந்து இழுக்கிறது. விசிறிக்கு ஒரு சிரமமும் இல்லை, காற்று தாராளமாகச் சுற்றுகிறது. பிரஷர் ஸ்விட்ச் திருப்தியாக மூடியிருக்கிறது. ஆனால் சுற்றுவது ஒரு முறை எரிந்து முடித்த, ஆக்சிஜன் குறைந்த புகை.

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு பங்கு எரிய சுமார் 10 பங்கு காற்று வேண்டும். போதுமான ஆக்சிஜன் இருந்தால் அதில் உள்ள கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகிறது. ஆக்சிஜன் குறையும்போது எரிதல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு வருகிறது. இது நேர்கோட்டில் கூடுவதும் இல்லை. ஒரு எல்லை வரை பெரிதாக ஒன்றும் தெரியாது, அதைத் தாண்டியதும் சட்டென்று ஏறும். நன்றாக எரியும் ஃபர்னஸின் புகையில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள், அதாவது சில பத்து பிபிஎம், இருந்த வாயு, காற்றுக்குத் திணறும்போது ஆயிரக்கணக்கான பிபிஎம் ஆகிவிடும். அப்படி ஆன புகை மறுபடி உள்ளே இழுக்கப்படுவதால் அடுத்த சுற்று இன்னும் மோசமாகிறது.

பனிதான் என்றில்லை. குளவிக் கூடு, பறவைக் கூடு, காய்ந்த இலை, குழாய் வாயில் யாரோ நல்ல எண்ணத்தில் மாட்டிய கம்பி வலையில் படிந்த பனிக்கட்டி என்று பாதி அடைக்கும் எதுவும் எரிதலைக் கெடுக்கலாம். அதைவிட மோசமான விஷயம், அடிக்கடி நிற்கிறதே என்று சலித்துப்போய் பிரஷர் ஸ்விட்சின் இரண்டு ஒயர்களையும் இணைத்து அதை ஏமாற்றிவிடுவது. அதன் பிறகு அந்த இயந்திரத்துக்குக் குழாய் அடைத்திருப்பது தெரியவே தெரியாது.

விஷம் உண்டானது சரி, வீட்டுக்குள் எப்படி வருகிறது?

வெளியே விடப்பட்ட புகை வெளியேதானே இருக்க வேண்டும்? இங்கேதான் குளிர்கால வீடு தானே ஒரு பம்ப் போல வேலை செய்கிறது.

வெளியே மைனஸ் 20 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் சூடான காற்று லேசாகி மேலே ஏறி, மாடி ஜன்னல் இடுக்கு, கூரை இடுக்கு வழியாகக் கசிகிறது. போன காற்றை ஈடுகட்ட, வீட்டின் அடிப்பகுதி வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. இரண்டு மாடி வீட்டில் இந்த உறிஞ்சலின் அளவு சுமார் 5 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு, ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அது குளிர்காலம் முழுக்க, இரவும் பகலும் ஓயாமல் இழுக்கிறது. சமையலறை எக்ஸாஸ்டும் துணி உலர்த்தும் டிரையரும் ஓடினால் இன்னும் பலமாக இழுக்கும்.

இந்த உறிஞ்சல் அதிகமாக இருக்கும் இடம் பேஸ்மென்ட். அஸ்திவாரச் சுவரும் மேலே உள்ள மரச் சட்டமும் சேரும் இடத்தில் இடுக்குகள் நிறைய. புகைக் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். ஆக, பனிக்குகைக்குள் தேங்கும் புகைக்கு ஒரு பக்கம் உறைந்த பனி ஓடு, மறுபக்கம் உள்ளே இழுக்கும் வீடு. எது சுலபமான வழியோ அந்த வழியாகப் போகிறது.

இரண்டாவது வழி குழாயின் இணைப்புகள். பழைய புகைபோக்கியில் உள்ளே இருக்கும் அழுத்தம் அறையைவிடக் குறைவு, அதனால் ஓட்டை இருந்தாலும் அறைக் காற்றுதான் அதற்குள் போகும். புதிய ஃபர்னஸில் விசிறி புகையைத் தள்ளுகிறது, எனவே வெளியேறும் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். வாய் பாதி அடைத்தால் அது இன்னும் ஏறும். சரியாக ஒட்டாத ஒரு பிவிசி மூட்டு, விலகிப்போன ஒரு தாங்கி, உலர்ந்துபோன தண்ணீர் வடிகால் எதுவாக இருந்தாலும் அது வழியாகப் புகை அறைக்குள் கசியும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்த சின்ன ஓட்டை, குழாய் அடைத்த இரவில் பெரிய ஓட்டையாக நடந்துகொள்ளும்.

மூன்றாவது, பக்கத்தில் நிற்கும் வாட்டர் ஹீட்டர். பல வீடுகளில் ஃபர்னஸை மாற்றியிருப்பார்கள், வாட்டர் ஹீட்டர் பழசாகவே இருக்கும். முன்பு இரண்டும் ஒரே செங்கல் புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டன. இப்போது ஃபர்னஸ் பக்கச் சுவருக்குப் போய்விட, இரண்டு இயந்திரத்துக்காகக் கட்டிய அகலமான புகைபோக்கி வாட்டர் ஹீட்டரின் சின்னப் புகையால் சூடாவதே இல்லை. குளிர்ந்த புகைபோக்கியில் புகை ஏறாது. வீட்டின் உறிஞ்சலோ கீழே இழுக்கிறது. புகை வாட்டர் ஹீட்டரின் தலைப்பகுதியில் உள்ள திறப்பு வழியாக அறைக்குள்ளேயே கொட்டும். ஒரு மழைக்கோட்டு அளவு பனிகூட வேண்டாம், குளிரும் ஒரு டிரையரும் போதும்.

ஒரு இரவின் கணக்கு

எவ்வளவு வேகமாக இது ஆபத்தாகும்? உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நடுத்தர வீட்டு ஃபர்னஸ் ஒன்றின் திறன் சுமார் 23 கிலோவாட். சென்னைக் குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் பதினொன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். அது மணிக்கு 2.3 கன மீட்டர் எரிவாயுவை எரித்து, ஏறக்குறைய 30 கன மீட்டர் புகையை வெளியே விடும். காற்று கெட்டுப்போய் அந்தப் புகையில் 2,000 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருந்தால், மணிக்கு 60 லிட்டர் விஷவாயு. அதில் பாதி, 30 லிட்டர், வீட்டுக்குள் வருகிறது என்று கொள்வோம்.

வீட்டின் கொள்ளளவு 400 கன மீட்டர். குளிருக்காக நன்றாக மூடப்பட்டிருப்பதால் மணிக்கு 120 கன மீட்டர் காற்றுதான் மாறுகிறது. கடும் குளிர் இரவு, ஃபர்னஸ் நிற்காமல் ஓடுகிறது. இரவு 10 மணிக்குக் கசிவு தொடங்கினால் 11 மணிக்கு வீட்டுக் காற்றில் சுமார் 65 பிபிஎம். 12 மணிக்கு 113. ஒரு மணிக்கு 148. காலை 6 மணிக்கு 227.

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்வதை இதோடு பொருத்திப் பாருங்கள். 70 பிபிஎம்முக்கு மேல் தொடர்ந்து இருந்தால் தலைவலி, சோர்வு, குமட்டல் தெரியத் தொடங்கும். 150 முதல் 200-ஐத் தாண்டி நீடித்தால் குழப்பம், மயக்கம், மரணம் வரை போகலாம். நம் கணக்கில் தலைவலி வர வேண்டிய நேரத்தில் வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விழித்திருந்து ஜன்னலைத் திறக்க யாரும் இல்லை. காற்று ஒரே சீராகக் கலக்கிறது என்று எடுத்துக்கொண்ட எண்கள் இவை. கசிவு நடக்கும் பேஸ்மென்ட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவருக்கு இதைவிட வேகமாக ஏறும்.

உடம்புக்குள் நடப்பது என்ன? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைச் சீக்கிரம் விடாது. நல்ல காற்றில் வந்து நின்றாலும் ரத்தத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேற நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறையும். ஆம்புலன்ஸ் தேவைப்படுவது இதற்காகத்தான்.

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அது ஏமாற்றும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிவப்பாகத் தெரியும். மயங்கப்போகிறவருக்கும் 98 என்று காட்டக்கூடும்.

“கேஸ் வாசனை வந்தா தெரியுமே?”

தெரியாது. நம்மூர் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது. குழாய் எரிவாயுவிலும் சேர்ப்பார்கள். ஆனால் அது எரியாத கேஸின் வாசனை. எரியும்போது அந்தப் பொருளும் சேர்ந்து எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு என்று தனியாக நிறமோ வாசனையோ கிடையாது.

கவனிக்கக்கூடிய சில குறிகள் உண்டு. எரிந்த புகையில் நீராவி அதிகம், எனவே அது உள்ளே வந்தால் ஜன்னல் கண்ணாடிகளில் வழக்கத்துக்கு மாறாக நீர் கோக்கும். வீட்டில் எல்லோருக்கும், செல்லப்பிராணிக்கும்கூட, ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாத ‘ஃப்ளூ’ வரும். வெளியே போனால் தலைவலி தெளியும், வீடு திரும்பினால் மறுபடி பிடிக்கும். ஃபர்னஸ் அடிக்கடி நின்று நின்று ஓடுவதும் ஒரு குறிதான். அதன் பலகையில் ஒரு சின்ன விளக்கு குறிப்பிட்ட எண்ணிக்கையில் கண் சிமிட்டும், எந்த எண்ணிக்கை எதைக் குறிக்கும் என்று கதவின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். பிரஷர் ஸ்விட்ச் கோளாறு என்று காட்டினால், தெர்மோஸ்டாட்டைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் வெளியே போய்க் குழாயைப் பார்ப்பதே சரி.

இவற்றில் எதையும் தூங்குகிறவரால் கவனிக்க முடியாது. அதனால்தான் அலாரம். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிகாகோ நகரம் 1994 அக்டோபரில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியது. அந்த டிசம்பரில் வாகனப் புகை நகரத்தின் மேல் தேங்கிய ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அலாரங்கள் ஒன்றாக அலறி, தீயணைப்புத் துறை திண்டாடியது. பொய் எச்சரிக்கைகளைக் குறைக்கத் தர விதிகள் திருத்தப்பட்டன. இப்போது அமெரிக்கத் தரப்படி 70 பிபிஎம்மில் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள், 150-ல் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400-ல் 4 முதல் 15 நிமிடத்துக்குள் ஒலித்தால் போதும். நம் கணக்கு வீட்டில் அது நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பின்னோ அடிக்கும். உயிர் பிழைக்க அது போதுமான முன்னெச்சரிக்கை. ஆனால் அலாரம் அடிக்கவில்லை என்பதற்குக் காற்று சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் உள்ள வீட்டில், திரையில் குறைந்த அளவுகளையும் எண்ணாகக் காட்டும் வகையை வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

நான்கு பீப், சிறிது இடைவெளி, மறுபடி நான்கு பீப் என்றால் கார்பன் மோனாக்சைடு. எப்போதாவது ஒரு ஒற்றை ‘க்ளிக்’ என்றால் பேட்டரி தீர்கிறது அல்லது கருவியின் ஆயுள் முடிந்துவிட்டது. உள்ளிருக்கும் சென்சாருக்கு 5 முதல் 10 ஆண்டுதான் வாழ்நாள், தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். வாடகைக்குப் போகும் வீட்டில் கூரையில் ஒட்டியிருக்கும் வட்டத்தைக் கழற்றி அந்தத் தேதியைப் பாருங்கள். பல நேரம் அது புகை அலாரம் மட்டுமாகவே இருக்கும்.

பனி கொட்டும் நாளில்

பிளைமவுத் சம்பவத்துக்குப் பிறகு மாசசூசெட்ஸ் இன்னொரு விதியும் கொண்டுவந்தது. தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே பக்கச் சுவரில் புகைக் குழாய் இருந்தால், அதற்கு நேர் மேலே குறைந்தது 8 அடி உயரத்தில், “நேர் கீழே கேஸ் வென்ட் உள்ளது, அடைக்காதீர்கள்” என்று பலகை வைக்க வேண்டும். பனி குழாயை மூடினாலும் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா. எளிமையான யோசனை, ஆனால் எல்லா இடத்திலும் இது கிடையாது. அதனால் பனிக்காலம் தொடங்கும் முன்பே வீட்டைச் சுற்றி நடந்து, குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது உதவும். வீட்டு உரிமையாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

கனமான பனி பெய்யும்போது சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். குழாய்களைச் சுற்றி மூன்று அடியாவது வெறுமையாக இருக்கட்டும். பனி தள்ளும் இயந்திரத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், உறைந்த பிவிசி எளிதில் உடையும். கையாலோ சின்னப் பலகையாலோ எடுத்தால் போதும். வெந்நீர் ஊற்றினால் அது குழாயைச் சுற்றியே மறுபடி பனிக்கட்டியாக உறையும்.

ஃபர்னஸ் நின்று வீடு குளிர்ந்தால் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே வைக்கக் கூடாது, கேஸ் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர்காயவும் கூடாது. குழாய் அடைப்பிலிருந்து தப்பியவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அலாரம் அடித்தால் முதலில் எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழைக்க வேண்டும், அதன் பிறகுதான் குழாய். பனியை அகற்றிவிட்டு, அலாரம் நின்றதும் உள்ளே போய்ப் படுத்துவிடுவது சரியல்ல. தீயணைப்பு வீரர்கள் மீட்டரோடு வந்து அறை அறையாக அளப்பார்கள். ஜன்னலைத் திறந்து ஃபர்னஸை அணைத்துவிட்டு அவர்கள் வரும்போது அளவு பூஜ்யம் காட்டினால், அது அந்த நேரத்துக் காற்றின் அளவு மட்டும்தான். மூட்டு கசிந்திருக்கிறதா, வாட்டர் ஹீட்டர் புகையைக் கொட்டுகிறதா என்பது, டெக்னீஷியன் வந்து எல்லாவற்றையும் ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் விசிறிகளையும் போட்டு, புகையை அளந்தால்தான் தெரியும். அதுவரை அந்த ஃபர்னஸைப் போடாமல் இருப்பதே நல்லது, வேறு வீட்டில் ஒரு இரவு தங்க வேண்டி வந்தாலும்.